தோல் மாறாமல் நிறம் மட்டும் மாற்றுவது

லிப்ஸ்டிக் நிறுவனம் ஒன்று முப்பது ஷேடுகளை வெளியிடும்போது, ஒரே மாடலுக்கு முப்பது முறை பூசித் துடைத்துப் படம் எடுப்பது நடைமுறைக்கு ஒத்துவராது. சில முறை துடைத்ததுமே உதடு சிவந்துவிடும். அதற்குப்பின் பூசும் ஷேடு எதுவும் தன் உண்மையான நிறத்தில் தெரியாது. ஆகவே ஒப்பனையில்லாத ஒரு முகத்தைக் கவனமாகப் படம் எடுத்து, அதை மாதிரி முகமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஷேடையும் கணினியில் அதன்மேல் ஏற்றிக் காட்டுகிறார்கள். கைபேசிச் செயலிகளில் தன் முகத்திலேயே ஷேடு போட்டுப் பார்ப்பதும் இதே வேலைதான். உதட்டுக் கோடுகளும் கன்னத்து நுண்துளைகளும் மூலப் படத்தில் இருந்தபடியே இருக்க வேண்டும், நிறம் மட்டும் மாற வேண்டும் என்பதில்தான் இதன் சிரமம் எல்லாம் இருக்கிறது.

வேலை படம் எடுக்கும்போதே தொடங்கிவிடுகிறது. கன்னத்தின் நுண்துளை ஒரு மில்லிமீட்டரில் சில பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். முகத்தின் அகலம் சுமார் 14 சென்டிமீட்டர் என்றும் அது படத்தில் 1,000 பிக்சலுக்கு விரிகிறது என்றும் வைத்துக்கொண்டால், ஒரு மில்லிமீட்டருக்கு ஏழு பிக்சல் கிடைக்கும். ஒரு துளைக்கு ஒன்றிரண்டு பிக்சல்தான். அதைவிடச் சிறிய படத்தில் காப்பாற்றுவதற்குத் தோலின் நுணுக்கமே இருக்காது. பல கைபேசிக் கேமராக்கள் தாமாகவே தோலை வழவழப்பாக்கிவிடுவதால் அழகூட்டும் வசதியை முதலில் அணைத்துவிட வேண்டும். ஒளி முகத்தின் இருபுறமும் சீராக விழ வேண்டும். முகத்தருகே ஒரு சாம்பல் நிற அட்டையை வைத்து ஒரு படம் தனியாக எடுத்துக்கொண்டால், ஒளியின் மஞ்சளோ நீலமோ படத்தில் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைக் கணக்கிட்டு நீக்கலாம். இதைச் செய்யாமல் விட்டால் பின்னால் எந்தக் கணக்கும் சரியாக வராது.

லிப்ஸ்டிக்கை முதலில் எடுத்துக்கொள்ளலாம். ஃபோட்டோஷாப் போன்ற மென்பொருளில் உதட்டின்மேல் ஒரு நிற அடுக்கைப் போட்டு, அதன் அடர்த்தியைக் குறைத்து வைப்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும் வழி. நார்மல் எனப்படும் இந்தக் கலப்பில் உதட்டுக் கோடுகள் மங்கிப்போகும். அடுக்கைக் கலர் என்ற கலப்புக்கு மாற்றினால் கோடுகள் பிழைக்கும். ஆனால் உதட்டின் பழைய வெளிச்சம் அப்படியே நிற்பதால் ஆழ்ந்த மெரூன்கூட வெளிர்ந்த இளஞ்சிவப்பாகத் தெரியும். மல்டிப்ளை என்பது மூன்றாவது வழி. அது கோடுகளைக் காக்கும், நிறத்தையும் ஆழமாக்கும். ஆனால் அதற்கு இருட்டாக்க மட்டுமே தெரியும். உதட்டைவிட வெளிர்ந்த நியூட் ஷேடை அதனால் காட்டவே முடியாது.

மூன்றும் தவறும் இடத்தைப் புரிந்துகொள்ள, ஒரு பிக்சலின் வெளிச்சத்தை அதன் நிறத்திலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு உதவுவது 1976இல் வகுக்கப்பட்ட லேப் என்ற நிற அளவை. அதில் எல் என்பது வெளிச்சம். கருமைக்கு 0, வெண்மைக்கு 100. ஏ என்ற எண் பச்சையிலிருந்து சிவப்பு வரையும், பி என்ற எண் நீலத்திலிருந்து மஞ்சள் வரையும் செல்லும். உதட்டின் கோடுகள் பெரும்பாலும் எல் எண்ணில் ஏற்படும் சிறு ஏற்றத்தாழ்வுகளே.

ஓர் உதட்டின் சராசரி வெளிச்சம் 50 என்றும், அதிலுள்ள ஒரு கோட்டின் வெளிச்சம் 44 என்றும் கொள்வோம். வித்தியாசம் 6. பூச வேண்டிய செங்கல் சிவப்பின் வெளிச்சம் 38. அந்த நிறத்தை 70 சதவீத அடர்த்தியில் நார்மல் அடுக்காகப் போட்டால் உதட்டின் சராசரி 41.6 ஆகும், கோடு 39.8 ஆகும். ஆறாக இருந்த வித்தியாசம் 1.8 ஆகச் சுருங்கிவிட்டது. கண்ணுக்கு அது கோடாகவே படாது. உதட்டில் ஸ்டிக்கர் ஒட்டியதுபோல இருக்கும். ஷேடும் கேட்ட 38க்கு வந்து சேரவில்லை. அடர்த்தியைக் கூட்டினால் ஷேடு நெருங்கும், கோடு இன்னும் அழியும்.

சரியான வழி, சராசரியை மட்டும் நகர்த்துவது. உதட்டின் சராசரி 50இலிருந்து 38க்கு இறங்குகிறது. கோடு அதே 6 வித்தியாசத்தோடு 32இல் நிற்கிறது. ஏ, பி எண்களும் இப்படியே ஷேடின் எண்களுக்கு நகர்கின்றன. நடுத்தர ஷேடுகளுக்கு இது போதும். மிக அடர்ந்த ஷேடுகளில் ஒரு திருத்தம் வேண்டும். கோடு இருட்டாகத் தெரிவது அங்கே ஒளி குறைவாக விழுவதால்தான். சுற்றியுள்ள இடத்துக்கு விழும் ஒளியில் முக்கால் பங்குதான் கோட்டுக்குக் கிடைக்கிறது என்றால், எந்த நிறம் பூசினாலும் அந்த முக்கால் பங்கு மாறாது. 50க்கும் 44க்கும் இடையே உள்ளது ஏறத்தாழ அந்த விகிதம்தான். அதே விகிதத்தை வெளிச்சம் 20 உள்ள கருஞ்சிவப்பில் வைத்துக் கணக்கிட்டால் கோடு 17 அளவில் வரும். நேரடியாக 6ஐக் கழித்தால் 14 ஆகி, இல்லாத வெடிப்புகள் உதட்டில் தோன்றிவிடும். தோலைக் காப்பதென்றால் அதை மிகைப்படுத்தாமல் இருப்பதும் சேர்த்துத்தான்.

ஃபவுண்டேஷன் விஷயம் இவ்வளவு நேரானது அல்ல. லிப்ஸ்டிக் உதட்டுக்குப் புது நிறம் தருகிறது. ஃபவுண்டேஷனுக்கு இரண்டு வேலைகள்: தோலின் நிறத்தைச் சற்று மாற்றுவது, திட்டுத்திட்டான நிற வேறுபாடுகளை மூடுவது. மூடுவதும் தோலின் ஒரு தன்மையை அழிப்பதுதானே என்ற கேள்வி இங்கே எழுகிறது. ஃபவுண்டேஷன் மெல்லிய பூச்சு. பருத் தழும்பின் நிறத்தை அது மறைக்கும், தழும்பின் பள்ளத்தை நிரப்பாது. ஆகவே நிறத்தால் தெரிவதையும் மேடுபள்ளத்தால் தெரிவதையும் தனித்தனியாகக் கையாள வேண்டும்.

இதற்குப் படத்தை இரண்டு அடுக்குகளாகப் பிரிப்பார்கள். பெரிய வடிவங்களும் நிற மாற்றங்களும் அடி அடுக்கில் நிற்கும். துளை, மயிர், மெல்லிய சுருக்கம் ஆகியவை மேல் அடுக்கில் சேரும். படத்தை மங்கலாக்கினால் அடி அடுக்கு கிடைக்கும். மூலத்திலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது மேல் அடுக்கு. சாதாரண மங்கலாக்கல் மூக்கோரம், உதட்டோரம் போன்ற விளிம்புகளில் நிறத்தைக் கசியவிடும் என்பதால், விளிம்பைக் காக்கும் வடிகட்டிகளைப் பயன்படுத்துவது வழக்கம். டாங் குவோ, டெரன்ஸ் சிம் ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதில் முன்னோடி. அவர்கள் முகத்தை அமைப்பு, தோல் நுணுக்கம், நிறம் என்று மூன்று அடுக்காகப் பிரித்து, ஒருவரின் ஒப்பனையை இன்னொருவர் முகத்துக்கு மாற்றினார்கள். ஒப்பனை முகத்தின் தோல் நுணுக்கத்தையும் அவர்கள் கொண்டுவந்து வைத்தது உண்டு. ஷேடு பார்க்கும் வேலையில் அது கூடாது. மேல் அடுக்கை யாரும் தொடக்கூடாது.

மாநிறக் கன்னம் ஒன்றில் வெளிச்சம் 52 என்றும் சிவப்பைக் குறிக்கும் ஏ எண் 13 என்றும் இருக்கட்டும். அதில் ஒரு பருத் தழும்பு; அங்கே வெளிச்சம் 45, ஏ எண் 19. இரண்டும் அடி அடுக்கில் எடுத்த அளவுகள். நடுத்தரமாக மூடும் ஃபவுண்டேஷன் நிற வேறுபாட்டில் 60 சதவீதத்தை மறைக்கும் என்று கொண்டால், வெளிச்ச வித்தியாசம் 7இலிருந்து 2.8 ஆகும், சிவப்பின் வித்தியாசம் 6இலிருந்து 2.4 ஆகும். தழும்பு லேசாகத் தெரியும். உண்மையிலும் அப்படித்தான் இருக்கும். பிறகு முழுக் கன்னத்தின் சராசரியும் ஷேடை நோக்கி அதே 60 சதவீதம் நகர்கிறது. கடைசியில் மேல் அடுக்கு மாற்றமின்றித் திரும்ப வைக்கப்படுகிறது. தழும்பின்மீதுள்ள துளைகளும் அதன் ஓரத்து மேடும் பழையபடியே நிற்கும்.

மேல் அடுக்கும் அடி அடுக்கும் எந்த அளவில் பிரிய வேண்டும் என்பது கணக்கு தீர்க்காத கேள்வி. மேற்சொன்ன 1,000 பிக்சல் முகத்தில் வடிகட்டியின் ஆரம் 10 பிக்சல் அளவில் இருந்தால் துளைகள் பாதுகாப்பாக இருக்கும். 40 பிக்சலுக்குக் கொண்டுபோனால் தழும்பும் மேல் அடுக்குக்கு ஏறிக்கொள்ளும். எந்த ஃபவுண்டேஷனாலும் அது மறையாது. ஆரத்தை 2 பிக்சலாகக் குறைத்தால் துளைகளில் பாதி அடி அடுக்குக்கு இறங்கி, பூச்சோடு சேர்ந்து மறைந்துபோகும். விளம்பரப் படங்களில் காணும் பிளாஸ்டிக் கன்னம் பல சமயம் இந்த ஒரு எண்ணின் விளைவு. மச்சம் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. அதைத் தனியே குறித்துவைத்து விலக்கிவிடுவதே நல்லது. அது அந்த முகத்தின் அடையாளம்.

எங்கே பூசுவது என்பதைச் சொல்லும் மாஸ்க்கும் கவனத்தைக் கோரும். பரவலாகப் பயன்படும் ஒரு முறையில் முகத்தில் 68 புள்ளிகள் குறிக்கப்படும். அவற்றில் 20 உதட்டுக்கு உரியவை; 12 வெளிக்கோட்டிலும் 8 உள்கோட்டிலும் இருக்கும். உள்கோடு பிசகினால் பல்லுக்கும் லிப்ஸ்டிக் ஏறிவிடும். ஃபவுண்டேஷன் மாஸ்க் கண், புருவம், உதடு, மூக்குத்துளை ஆகியவற்றை விட்டுவிட்டு, தாடைக்குக் கீழே மெதுவாக மறைய வேண்டும். கழுத்து பழைய நிறத்திலேயே இருப்பது குறை அல்ல. முகத்துக்கும் கழுத்துக்கும் ஷேடு பொருந்துகிறதா என்று பார்ப்பதற்குத்தான் பலர் இதைத் தேடி வருகிறார்கள். கழுத்துக்கும் சேர்த்து நிறம் பூசிவிட்டால் எந்த ஷேடும் பொருந்துவதுபோல் காட்டும்.

தோல் மாறவில்லை என்பதைச் சரிபார்ப்பது எளிது. முன் படத்திலிருந்தும் பின் படத்திலிருந்தும் மேல் அடுக்கைப் பிரித்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்க வேண்டும். ஃபவுண்டேஷன் பூசிய கன்னத்தில் வெறும் சமதளம் மட்டும் மிஞ்சினால் தோல் பிழைத்தது. துளைகளின் உருவம் அங்கே தெரிந்தால் ஏதோ ஓர் இடத்தில் அழிந்திருக்கிறது. நெற்றி, மூக்குநுனி போன்ற பளபளப்பான இடங்களில் இப்படி நேர்வது அதிகம். வெளிர்ந்த ஷேடு ஏறும்போது அங்கே வெளிச்சம் 100ஐத் தொட்டுவிட, அதற்குமேல் ஏற்றத்தாழ்வுக்கு இடமில்லாமல் வெள்ளைத் திட்டாகிவிடும். முகத்தையே புதிதாக வரைந்து தரும் நரம்பணுப் பின்னல் மாதிரிகள் இந்தச் சோதனையில் பெரும்பாலும் தோற்கும். 2018இல் வந்த பியூட்டிகான் போன்றவை ஒப்பனையைத் தத்ரூபமாக மாற்றக்கூடியவை. ஆனால் ஒவ்வொரு பிக்சலையும் அவை மறுபடி உருவாக்குவதால் துளைகள் அசலானவையா என்பதற்கு உறுதி கிடையாது.

ஷேடின் எண்களை எங்கிருந்து எடுப்பது என்பது மிச்சமிருக்கிறது. டப்பாவின் மூடி நிறத்தையோ குச்சியின் நிறத்தையோ எடுத்தால் தவறும்; திரளாக இருக்கும் லிப்ஸ்டிக் மெல்லப் பூசியதைவிட அடர்ந்து தெரியும். பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமான அட்டையில் ஒரே கனத்தில் பூசி, இரு பக்கமும் அளவிடுவதே நம்பகமான முறை. இரண்டு அளவும் நெருங்கியிருந்தால் அந்த ஷேடு உதட்டை முழுதாக மூடும். விலகியிருந்தால் அடியிலுள்ள உதட்டு நிறமும் கலந்துதான் தெரியும். அந்த விலகலைக் கொண்டே எத்தனை சதவீதம் நகர்த்துவது என்று முடிவு செய்யலாம். கருத்த உதட்டுக்காரர்களுக்கு நியூட் ஷேடுகள் படத்தில் ஒன்றாகவும் கையில் வேறாகவும் வருவதற்குப் பெரும்பாலும் இந்த அளவைத் தவிர்த்ததே காரணம்.

இந்த முன்னோட்டம் சொல்வது நிறத்தைப் பற்றி மட்டுமே. ஃபவுண்டேஷன் உலர்ந்த தோலில் திரிதிரியாக நிற்குமா, சுருக்கத்துக்குள் போய்த் தேங்குமா, சில மணி நேரத்தில் கருத்துப்போகுமா என்பதை, தோல் நுணுக்கத்தைத் தொடாத ஒரு முறை காட்ட முடியாது. மேட், கிளாஸ் வேறுபாடும் முழுதாக வராது. கிளாஸின் மினுக்கத்தை வேண்டுமானால் தனி அடுக்காக வரைந்து சேர்க்கலாம். ஒரே ஒளியில் எடுத்த ஒரே படம் என்பதால், கல்யாண மண்டபத்தின் மஞ்சள் விளக்கில் அந்த ஷேடு எப்படி இருக்கும் என்பதற்கும் இதில் பதில் இல்லை. அதற்கு அந்த ஒளியில் இன்னொரு மாதிரிப் படம் எடுத்தாக வேண்டும்.