ஆராய்ச்சிக்கு ஒரு தலைப்பு

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி நூலகங்களில் தடித்த அட்டை போட்டு, பொன்னெழுத்தில் பெயர் பொறித்து அடுக்கி வைத்திருக்கும் ஆய்வேடுகளைச் சாவகாசமாகப் பார்த்துக்கொண்டு நடப்பவர், பாடத்தின் பெயரும் ஜில்லாவின் பெயரும் மாறுகின்றனவே தவிர, ‘மாணவர் அடைவில் இன்னதன் தாக்கம்’ என்ற வாய்பாடு மட்டும் மாறுவதேயில்லை என்பதை அரை மணி நேரத்தில் கண்டுகொள்வார். இதற்குச் சோம்பல் காரணமென்று நான் எண்ணவில்லை. தலைப்பை முதலில் எழுதிக் கொடுத்துவிட்டு, அதற்குரிய கேள்வியைப் பிறகு தேடுகிற வழக்கமே காரணம். எந்த விடை கிடைத்தால் தம் எண்ணம் பிழையென்று ஒப்புக்கொள்வார் என்பதை ஆராய்ச்சி தொடங்குமுன்பே ஒருவரால் சொல்ல முடியவில்லையானால், அவர் கையில் இருப்பது ஒரு விஷயமே அன்றித் தலைப்பு ஆகாது.

பயிற்சி மாணவருக்குக் கிடைக்கும் கால அவகாசத்தை முதலில் கணக்கிட வேண்டும். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-ஆம் ஆண்டு வகுத்த விதிகளின்படி, இரண்டாண்டு பி.எட். படிப்பின் இரண்டாம் ஆண்டில் 16 வாரங்கள் பள்ளியில் பயிற்சி பெற வேண்டும். ஏட்டில் இது நீண்ட காலமாகத் தோன்றினாலும், பிள்ளைகளின் பெயர் பழகுவதற்கும், வகுப்பாசிரியரின் நம்பிக்கையைப் பெறுவதற்கும் முதல் மூன்று வாரங்கள் போய், நடுவே பரீட்சையும் விடுமுறையும் குறுக்கிட்டு, பாடப்பகுதியை முடித்தாக வேண்டுமென்ற அவசரமும் சேர்ந்துகொண்ட பின்னர், ஆராய்ச்சிக்கென்று நிச்சயமாக மிஞ்சுவது ஆறு வாரங்களே. அந்த ஆறு வாரங்களில் மாறக்கூடியதும், மாறியதென்று அளந்து காட்டக்கூடியதும் எதுவோ அதற்குள்ளேதான் தலைப்பு அடங்க வேண்டும்.

வீட்டுப்பாடச் சுமை என்ற விஷயம் பலரையும் கவர்வதற்குக் காரணம் உண்டு. யஷ்பால் தலைமையிலான குழு 1993-இல் ‘சுமையற்ற கற்றல்’ பற்றி அறிக்கை தந்த நாளிலிருந்து இது நாட்டில் பேசப்படும் பொருளாகவே இருந்து வருகிறது. 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் முதலிரண்டு வகுப்புக் குழந்தைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாதென்று உத்தரவிட்டதும் பலருக்கு நினைவிருக்கும். ஆயினும், ‘வீட்டுப்பாடச் சுமைக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு’ என்று எழுதிக்கொண்டு புறப்படும் பயிற்சி ஆசிரியை, மாலை நேரம் முழுவதும் தம் கண்ணுக்கு எட்டாத ஒரு வீட்டுக்குள்ளே நடப்பதை அளக்க முற்படுகிறார். ஒரு பிள்ளைக்குத் தமக்கை சொல்லிக் கொடுக்கிறாள். இன்னொரு பிள்ளை டியூஷனிலேயே எழுதி முடித்துவிடுகிறது. இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கணக்குத் தெரிந்த பிள்ளை இருபது நிமிஷத்தில் முடிப்பதைத் தெரியாத பிள்ளை ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொண்டு திண்டாடுகிறதாகையால், நேரத்தையும் மதிப்பெண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்தால், வீட்டுப்பாடம் அதிகமாகச் செய்கிறவர்களே குறைந்த மதிப்பெண் பெறுவதாக விடை வரக்கூடும். காரணம் எது, காரியம் எது என்று பிரித்தறிய வழியில்லாமல் போய்விடும்.

இந்த விஷயத்தை விட மனமில்லாதவர், மதிப்பெண்ணை மறந்துவிட்டு, எட்டாம் வகுப்பின் ஒரு பிரிவுக்கு ஐந்து பாட ஆசிரியர்களும் ஒரே மாலையில் என்னென்ன வேலை கொடுத்தார்கள் என்பதை நான்கு வாரம் குறித்து வைத்துக்கொண்டு, ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரிந்திருந்ததா என்று விசாரிக்கலாம். அது சின்ன ஆராய்ச்சிதான். ஆனால் கரும்பலகையையும் பிள்ளைகளின் நாட்குறிப்பையும் பார்த்தே முடிக்கக்கூடியது.

மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையோ வகுப்பறைக்குள்ளேயே நிகழ்வதாகையால், பயிற்சி ஆசிரியைக்கு அதிக வசமானது. அதற்கு நம் ஊரோடு ஒரு பழைய சம்பந்தமும் உண்டு. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789-இல் சென்னை எழும்பூரிலிருந்த ஆண் அநாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை ஏற்றார். நம் நாட்டுப் பள்ளிக்கூடமொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதைத் தம் விடுதியிலும் கொண்டுவர விரும்பினார். உபாத்தியாயர்கள் ஒத்துவராமற் போகவே, எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். பையன் ஜயித்துவிட்டான். பெல் இந்தியாவை விட்டுப் போன மறு வருஷம், 1797-இல், லண்டனில் வெளியிட்ட சிறு நூலிலிருந்து அந்த ஏற்பாடு ‘மதராஸ் முறை’ என்ற பெயரோடு பரவியது. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை செய்துவந்த வேலை ஆங்கிலேயருக்குப் புதுமையாக இருந்தது போலும். சட்டாம்பிள்ளையின் பிரம்பைப் பற்றி ஒருவரும் அவர்களிடம் சொல்லவில்லையோ என்னவோ!

பெல்லின் சரித்திரம் பயிற்சி ஆசிரியைக்கு இரண்டு வகையில் பயன்படும். ஒரு பையன் ஒரு வகுப்பை நடத்துவதும், இரண்டு பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லிக் கொடுப்பதும் ஒன்றல்ல. தலைப்பில் எதைக் குறிப்பிடுகிறோம் என்று தெளிவாகச் சொல்லவேண்டும். அன்றியும், பெல் தம் விடுதியில் கண்ட முன்னேற்றத்தை, அம்முறை இல்லாமல் அதே அளவு பயிற்சி பெற்ற வேறு வகுப்போடு ஒப்பிட்டுக் காட்டவில்லை. இன்றைய ஆய்வேடுகளிலும் பெரும்பாலும் இந்தக் குறையே இருக்கிறது.

சகமாணவர் கற்பித்தல் பயன்படுமா என்று பொதுவாகக் கேட்பதில் இப்போது சுவாரஸ்யமில்லை. பீட்டர் கோஹன், ஜேம்ஸ் கூலிக், சென்-லின் கூலிக் என்ற மூவர் 1982-இலேயே 65 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, கற்பிக்கப்பட்ட பிள்ளைகளோடு கற்பித்த பிள்ளைகளும் பயனடைந்தார்கள் என்று எழுதிவிட்டார்கள். ஆகவே நம் பயிற்சி ஆசிரியை கேட்க வேண்டியது, குறிப்பிட்ட ஒரு பிழை, குறிப்பிட்ட ஒரு வகுப்பில், இம்முறையால் குறைகிறதா, குறைந்தால் யாரிடம் குறைகிறது என்பதே.

ஒரு பிழையை எடுத்துக்கொள்வோம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் 1/2 + 1/3 என்று எழுதிக் கொடுத்தால், மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் தனித்தனியே கூட்டி 2/5 என்று விடை எழுதுவோர் சிலராவது இருப்பார்கள். வேற்றினப் பின்னங்களின் கூட்டலை முன் வகுப்பிலே படித்துவிட்டு வந்தவர்கள்தான்; மீ.சி.ம. காணவும் தெரிந்தவர்கள்தான். அரையோடு இன்னொரு பின்னத்தைக் கூட்டின பிறகு விடை அரையைவிடக் குறைந்துவிட்டதே என்ற ஆச்சரியம் மட்டும் அவர்களுக்கு எழவில்லை. இத்தகைய பிழை ஆராய்ச்சிக்கு மிகவும் உகந்தது. ஏனெனில் மொத்த மதிப்பெண் ஏறிற்றா என்று பார்ப்பதைவிட, இருபது கணக்குகளில் இதே வகைப் பிழை எத்தனை இடத்தில் வந்தது என்று எண்ணுவது எளிது, சந்தேகத்துக்கும் இடமில்லாதது.

வகுப்பில் 36 பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் தேர்வின்படி வரிசைப்படுத்தி, முதல்வனைக் கடைசிப் பிள்ளையோடு சேர்ப்பதே நியாயமென்று எவருக்கும் தோன்றும். அப்படிச் செய்தால், இருவருக்கும் நடுவிலுள்ள தூரம் மிக அதிகமாகி, முதல்வன் தானே கணக்கைப் போட்டுக் காட்டிவிட, மற்றவன் பார்த்து எழுதுவதோடு காரியம் முடிந்துவிடும். வரிசையை நடுவே இரண்டாகப் பிரித்து, முதலாமவனை 19-ஆம் பிள்ளையோடும், இரண்டாமவனை 20-ஆம் பிள்ளையோடுமாகச் சேர்த்துக்கொண்டு போனால், 18 ஜோடிகளிலும் ஏறக்குறைய ஒரே அளவு இடைவெளி நிற்கும். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு இருபது நிமிஷம், பாதி நேரம் ஒருவர் கேட்க மற்றவர் போட, மீதி நேரம் இடம் மாறிக்கொள்ள, ஆறு வாரத்தில் ஆறு மணி நேரம் ஆகிறது. கேட்கிற பிள்ளையின் கையில் வழிமுறையும் விடையும் எழுதிய அட்டை இருக்கவேண்டும். தவறு கண்டால் விடையைச் சொல்லிவிடாமல், எந்த இடத்தில் தவறென்று சுட்டிக்காட்டி மறுபடி போடச் சொல்வதற்கு, ஆரம்பத்தில் இரண்டு வகுப்பு செலவழித்துப் பழக்கவேண்டும்.

இந்த ஆறு மணி நேரத்தில்தான் பெரும்பாலோர் ஏமாந்து போகிறார்கள். ஜோடிகளாகப் படித்த பிரிவு முன்னேறிவிட்டது, வழக்கம்போல் படித்த பிரிவு அவ்வளவு முன்னேறவில்லை என்று எழுதினால், ஜோடிப் பிரிவுக்குப் பின்னத்தில் ஆறு மணி நேரம் அதிகப்படியாகக் கிடைத்தது என்பதைத் தவிர வேறொன்றும் நிரூபணமாகவில்லை. ஆகையால் மற்றப் பிரிவும் அதே கணக்குகளை, அதே இருபது நிமிஷம், தனித்தனியே உட்கார்ந்து, அதே அட்டையைப் பார்த்துத் திருத்திக்கொண்டு போடவேண்டும். இரண்டு பிரிவுகளும் முதல் தேர்வில் ஏறக்குறைய சமநிலையில் இருக்கின்றனவா என்றும் பார்க்கவேண்டும். சில பள்ளிகளில் ‘அ’ பிரிவு என்பதே மதிப்பெண் பார்த்துப் பொறுக்கிய பிரிவு.

மிகக் குறைந்த மதிப்பெண் பெற்ற பத்துப் பேரை மட்டும் எடுத்து, முன்னும் பின்னும் தேர்வு வைத்து, உயர்வைக் காட்டுகிற வழக்கமும் உண்டு. முதல் தேர்வன்று காய்ச்சலோடு வந்தவனும், கேள்வியை அவசரமாகப் படித்தவளும் அந்தப் பத்துப் பேரில் இருப்பார்களாகையால், நாம் ஒன்றும் செய்யாவிட்டாலும் அடுத்த தேர்வில் சராசரி ஏறத்தான் செய்யும்.

ஜோடிகளுக்குள்ளே உண்மையில் பேச்சு நடக்கிறதா, பார்த்தெழுதுவது நடக்கிறதா என்பதை நோட்டுப் புத்தகமே காட்டிக் கொடுக்கும். இருவர் நோட்டிலும் ஒரே தவறான விடை, ஒரே இடத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தால் காரணத்தை ஊகிக்கலாம். வகுப்பில் போட்ட கணக்கெல்லாம் சரியாக இருந்து, தனியே எழுதிய தேர்வில் 2/5 திரும்ப வந்தாலும் அதே கதைதான். பயிற்சி ஆசிரியை ஒவ்வொரு நாளும் இரண்டு ஜோடிகளின் அருகே நின்று, கேட்கிற பிள்ளை வழி சொன்னதா, விடை சொன்னதா என்று குறித்துக்கொண்டு வந்தால், முடிவில் எண்ணிக்கை எப்படி வந்தாலும் அதற்குக் காரணம் சொல்ல அந்தக் குறிப்பு உதவும்.

இவ்வளவும் தீர்மானித்த பிறகுதான் தலைப்பு எழுதப்படவேண்டும்: ‘ஏழாம் வகுப்பில் வேற்றினப் பின்னக் கூட்டலின் பகுதி கூட்டும் பிழை: ஜோடிப் பயிற்சியும் தனிப் பயிற்சியும்’. இரண்டு பிரிவுகளிலும் பிழை ஒரே அளவு குறைந்திருந்தால், ஜோடியினால் விசேஷ லாபமில்லை என்பதே விடை. அதை அப்படியே எழுதிவிட வேண்டியதுதான். வழிகாட்டிப் பேராசிரியர் முகம் சுளித்தால், பிழையை ஜோடியின் மேல்பாதிப் பிள்ளைகளுக்கும் கீழ்பாதிப் பிள்ளைகளுக்கும் தனித்தனியே எண்ணிய அட்டவணையை அவர் முன் வைக்கலாம். கணக்கு நன்றாகத் தெரிந்தவர் லாபமடைந்தாரா, அவ்வளவாகத் தெரியாதவர் லாபமடைந்தாரா என்பது அதில் தெரியும்.

கால அட்டவணையில் ஒன்றை மட்டும் முன்கூட்டியே ஒதுக்கி வைக்கவேண்டும். நான்காம் வாரத்தில் முதல் தேர்வும், பத்தாம் வாரத்தில் வேறு எண்களைக் கொண்ட இரண்டாம் தேர்வும் முடிந்தபின், விடுமுறை கழிந்து, பதினான்காம் வாரத்தில் மூன்றாம் தேர்வு ஒன்று வைக்க நாள் வேண்டும். அதில் கூட்டல் கணக்குகளோடு, ‘விடை அரையைவிடப் பெரிதா, சிறிதா? கூட்டாமலே சொல்க’ என்ற கேள்விகள் நான்கைச் சேர்க்கலாம். மீ.சி.ம. காணும் வழியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்ட பிள்ளை, இரண்டாம் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியிருந்தாலும், பெரும்பாலும் இந்த நான்கு கேள்விகளில்தான் அகப்பட்டுக்கொள்ளும்.