எந்தச் சந்திப்பு வழியாகப் போகலாம்?

ஓர் ஊரில் நான்கு சந்திப்புகள். தெருக்கள் எல்லாம் ஒருவழிப் பாதை. 1-லிருந்து 2-க்கு நேர்த்தெரு 15 நிமிடம். 1-லிருந்து 4-க்கு 2, 4-லிருந்து 3-க்கு 3, 3-லிருந்து 2-க்கு 4. வேறு தெரு இல்லை. எந்தச் சந்திப்பிலிருந்தும் எந்தச் சந்திப்புக்கும் ஆகும் மிகக் குறைந்த நேரத்தை ஒரே அட்டவணையில் எழுத வேண்டும்.

இதற்கான வழியை ராபர்ட் ஃபிளாய்ட் 1962-இல் வெளியிட்டார். அதே ஆண்டு ஸ்டீஃபன் வார்ஷலும், 1959-லேயே பிரான்சில் பெர்னார் ருவாவும் ஏறத்தாழ இதையே சொல்லியிருந்தார்கள். பெயரில் நிலைத்தது ஃபிளாய்டும் வார்ஷலும்தான், ருவாவுக்கு அதிர்ஷ்டமில்லை.

முதலில் நேர்த்தெருக்களின் நேரத்தை மட்டும் எழுதுங்கள். தெரு இல்லாத இடத்தில் முடிவிலி. பிறகு இடையில் கடந்துபோகும் அனுமதியை ஒவ்வொரு சந்திப்பாகத் திறந்துவிடுங்கள். ஒன்றைத் திறந்ததும் எல்லா ஜோடிகளுக்கும் ஒரே கேள்வி: இதன் வழியாகப் போனால் நேரம் குறைகிறதா?

1-ஐயும் 2-ஐயும் திறப்பதால் பயனில்லை. 3-ஐத் திறந்ததும் 4-லிருந்து 2-க்கு 3+4, அதாவது 7 நிமிடத்தில் வழி கிடைக்கிறது. கடைசியாக 4-ஐத் திறக்கும்போது அந்த 7 அட்டவணையில் தயாராக இருக்கிறது. எனவே 1-லிருந்து 2-க்கு 2+7=9. பழைய 15 அடிபட்டுப் போகிறது. முழு வழியை யாரும் தேடவில்லை; முந்தைய சுற்றின் விடையே அடுத்த சுற்றுக்கு முதலாகிறது.

```
for k in range(n):
  for i in range(n):
    for j in range(n):
      d[i][j] = min(d[i][j], d[i][k] + d[k][j])
```

திறக்கப்படும் சந்திப்பு `k`. அதன் சுற்று வெளியேதான் இருக்க வேண்டும். பலர் `i`, `j` முதலில், `k` உள்ளே என்று எழுதிவிடுவார்கள். அப்போது 1-2 ஜோடியைப் பார்க்கும் நேரத்தில் 4-லிருந்து 2-க்கான 7 இன்னும் பிறக்கவில்லை. விடை 15 என்றே நின்றுவிடும். நிரலோ எந்தப் புகாரும் சொல்லாது. சின்ன வரைபடங்களில் பெரும்பாலும் சரியான விடையே வருவதால், இந்தப் பிழை வெகுநாள் ஒளிந்திருக்கும்.

மூன்று சுற்றுகள் ஒன்றுக்குள் ஒன்றாக ஓடுவதால் வேலையின் அளவு n³. நம் ஊருக்கு 64 ஒப்பீடு. 1,000 சந்திப்புகளுக்கு 100 கோடி. இன்றைய கணினிக்கு இது பெரிதல்ல. 10,000 ஆனால் ஒரு லட்சம் கோடி! தெருக்கள் குறைவாக உள்ள பெரிய ஊருக்கு, ஒவ்வொரு சந்திப்பிலிருந்தும் டைக்ஸ்ட்ராவின் முறையை ஓட்டுவதே மேல். தெருக்கள் அடர்ந்திருந்தால் ஃபிளாய்டின் நான்கு வரிகளுக்கே என் ஓட்டு.

சுற்றுகளின் வரிசையை மாற்றி எழுதியவர்களுக்கும் ஓர் ஆறுதல் உண்டு. அந்தத் தவறான நிரலையே மூன்று முறை அடுத்தடுத்து ஓட்டினால் சரியான விடை வந்துவிடும் என்று 2019-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நிரூபித்தார்கள். மும்மடங்கு வேலைதான், ஆனாலும் அது n³ கணக்கைத் தாண்டுவதில்லை.