நுனியில் தொங்கும் ஸ்கேல்

பள்ளிக்கூடத்து மர மீட்டர் ஸ்கேலை மேஜைமேல் படுக்கவைத்து, சரியாக 50 என்ற கோட்டில் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். எந்தச் சிரமமும் இல்லாமல் சுற்றும். பிறகு ஒரு நுனியைப் பிடித்து அதே வேகத்தில் திருப்புங்கள். கை திணறும். ஸ்கேலின் எடை மாறவில்லை, அச்சு மட்டும்தான் இடம் மாறியிருக்கிறது.

இந்தத் திணறலுக்கான அளவுதான் நிலைமத் திருப்புத்திறன். ஸ்கேலைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டின் நிறையையும் அச்சிலிருந்து அது இருக்கும் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். நுனியை அச்சாக வைத்து இந்தக் கூட்டலை முதலிலிருந்து போடலாம். தொகையீடு தெரிந்தவர்களுக்கு அது இரண்டு வரி. ஆனால் நடு அச்சுக்கான விடை கையில் இருக்கும்போது அந்த இரண்டு வரிகூடத் தேவையில்லை. இணை அச்சுத் தேற்றம் இருக்கிறது.

நிறை மையத்தின் வழியாகப் போகும் அச்சுக்கு உரிய மதிப்போடு, மொத்த நிறையை இரண்டு அச்சுகளுக்கும் இடையிலான தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கிக் கூட்டினால், புதிய அச்சுக்கான மதிப்பு வந்துவிடும். இதுதான் தேற்றம். சீரான மெல்லிய தண்டுக்கு நடுவில் ML²/12. நுனி அங்கிருந்து L/2 தூரம். ஆகவே:

I = ML²/12 + M(L/2)² = ML²/3

நம் ஸ்கேல் 120 கிராம் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் 0.01 கி.கி.மீ². கூட்ட வேண்டியது 0.12 × 0.5², அதாவது 0.03. நுனியில் 0.04. கையை அந்தப் பாடு படுத்தியது இந்த நான்கு மடங்குதான்.

இவ்வளவு எளிதாகக் கூட்டினால் போதும் என்பது எப்படிச் சரியாகும்? ஸ்கேலில் நடுக்கோட்டுக்கு இருபுறமும் 10 செ.மீ. தள்ளி ஒரே நிறையுள்ள இரண்டு துண்டுகளைப் பாருங்கள். நுனியிலிருந்து ஒன்று 40 செ.மீ., மற்றொன்று 60 செ.மீ. வர்க்கங்கள் 1600, 3600, கூட்டினால் 5200. இரண்டுமே நடுவில் இருந்திருந்தால் 2500-ம் 2500-ம் சேர்ந்து 5000தான். மிச்சம் 200 எங்கிருந்து வந்தது? நடுவிலிருந்து அவை இருக்கும் தூரமான 10-இன் வர்க்கம், இரண்டு தடவை. கிட்டே இருக்கும் துண்டு குறைப்பதைவிடத் தள்ளி இருக்கும் துண்டு கூட்டுவது எப்போதும் அதிகம், அதுவும் மிகச் சரியாக அந்த அளவுக்கே அதிகம். ஸ்கேல் முழுவதையும் இப்படி ஜோடி ஜோடியாகப் பிரித்துக் கூட்டினால் மிச்சங்கள் எல்லாம் சேர்ந்து ML²/12 ஆகின்றன.

கண்ணாலும் இதைப் பார்க்கலாம். நுனியைப் பிடித்து ஒரு முழுச் சுற்று சுற்றினால், ஸ்கேலின் நடுப்புள்ளி வட்டமடிக்கிறது. கூடவே ஸ்கேலும் தன் நடுப்புள்ளியைப் பொறுத்து ஒரு முறை திரும்பிவிடுகிறது. முதலாவதன் கணக்கு ML²/4, இரண்டாவதன் கணக்கு ML²/12. நிறை முழுவதும் நடுவில் குவிந்திருப்பதாக எண்ணி முதலாவதோடு நிறுத்திக்கொள்வது தேர்வுத்தாளில் சகஜம்.

அதைவிடக் கள்ளத்தனமான தவறு ஒன்று உண்டு. 25 செ.மீ. கோட்டில் அச்சு வைத்தால் என்ன என்று கேள்வி வரும். நுனிக்கு 0.04 ஏற்கெனவே தெரியுமே என்று அதிலிருந்து தொடங்கி 0.12 × 0.25² கூட்டினால் 0.0475 வருகிறது. நடுவை நெருங்கும்போது மதிப்பு குறையத்தானே வேண்டும்? கூடியிருந்தால் எங்கோ இடறிவிட்டோம். தேற்றம் நிறை மையத்திலிருந்து மட்டுமே தொடங்கும். 0.01 + 0.0075 = 0.0175 என்பதே சரி.

எல்லைகளும் உண்டு. இரண்டு அச்சுகளும் இணையாக இருக்க வேண்டும். ML²/12 என்பது சீரான தண்டுக்குத்தான். கிரிக்கெட் மட்டைக்குச் செல்லாது. ஸ்கேலின் இரண்டரை செ.மீ. அகலத்தை விட்டுவிடுவதால் வரும் பிழை ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, ஆகவே அதை மெல்லிய தண்டு என்று சொல்வதில் தப்பில்லை.

சுவரில் ஓர் ஆணி இருந்தால் விடையைச் சோதித்துவிடலாம். நுனியை ஒட்டித் துளை உள்ள ஸ்கேலை அதில் மாட்டிச் சிறிதாக ஆட்டிவிடுங்கள். ML²/3 சரியென்றால் பத்து அலைவுக்குச் சுமார் 16.4 விநாடி ஆக வேண்டும். நிறை நடுவில் குவிந்திருந்தால் 14.2 விநாடியே ஆகும். இரண்டு விநாடி வித்தியாசம் கைபேசிக் கடிகாரத்திலேயே தெரியும். டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் ஊசல் கடிகாரம் பற்றி 1673-இல் வெளியிட்ட நூலிலேயே இதைச் சொல்லிவிட்டார்: நுனியில் தொங்கும் தண்டு, அதன் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீளமுள்ள நூலில் கட்டிய குண்டைப் போலவே ஆடும். 66.7 செ.மீ. நூலில் ஒரு நட்டைக் கட்டிப் பக்கத்திலேயே தொங்கவிட்டு, இரண்டையும் ஒரே நேரத்தில் விட்டுப் பாருங்கள். வீச்சைப் பத்து டிகிரிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.