உப்புக்கறைக்கு ஆசிட் வேண்டாம்

போர் தண்ணீர் வரும் வீடுகளில் குளியலறைக் குழாயும் டைல்ஸும் சீக்கிரமே வெள்ளை பூத்துப்போகும். உடனே ஆசிட் பாட்டிலைத் தேடுவோம். ஆசிட் கறையை எடுக்கும்தான். கூடவே டைல்ஸ் இடுக்கிலுள்ள சிமென்ட்டையும் அரிக்கும், குழாயின் பளபளப்பையும் தின்னும். அரித்த இடுக்கில் அடுத்த அழுக்கு இன்னும் ஆழமாகப் பிடிக்கும்.

தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் தண்ணீர் காய்ந்ததும் படிவதுதான் இந்தக் கறை. அதனால் காயும் முன்பே தண்ணீரை வழித்துவிட்டால் பாதி வேலை மிச்சம்.

தினமும்: கடைசியாகக் குளிப்பவர் வைப்பரால் சுவரையும் தரையையும் வழித்துவிட வேண்டும். குழாயைப் பழைய துணியால் துடைத்து, வாளியையும் மக்கையும் கவிழ்த்து வைத்து, ஜன்னலைத் திறந்துவிடலாம். ஈரம் நிற்காத இடத்தில் பூஞ்சை எளிதில் பிடிக்காது.

வாரம் ஒருமுறை: முதலில் எது என்ன கறை என்று பாருங்கள். தொட்டால் வழுக்குவது சோப்பும் உடம்பு எண்ணெயும் சேர்ந்த படிவு. பாத்திரம் கழுவும் திரவமும் வெந்நீரும் போட்டுத் தேய்த்தால் போய்விடும். நகத்தால் சுரண்டினால் சொரசொரப்பது உப்பு. அதற்கு மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை, அதாவது சிட்ரிக் அமிலத்தை, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மேசைக்கரண்டி கரைத்து, துணியில் நனைத்துக் கறைமேல் கால் மணி நேரம் போர்த்தி வையுங்கள். பிறகு தேய்த்து, நிறைய தண்ணீர் விட்டு அலசுங்கள். கழிப்பறைக் கோப்பையின் விளிம்புக்கு அடியிலும் இதையே ஊற்றித் தேய்க்கலாம். அதற்குத் தனி பிரஷ் வேண்டும். மார்பிள், கடப்பா கல் மீது மட்டும் இது படக்கூடாது. இரண்டும் சுண்ணாம்புச் சத்துள்ள கற்கள், மெருகு போய்விடும்.

பலர் வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்து ஊற்றுகிறார்கள். நுரை பொங்குமே தவிர, ஒன்றின் வேகத்தை மற்றொன்று தணித்துவிடும். தனித்தனியாகப் பயன்படுத்துவதே நல்லது.

மாதம் ஒருமுறை: ஷவரில் சில துளைகளில் தண்ணீர் கோணலாகப் பீய்ச்சினால் உப்பு அடைத்திருக்கிறது என்று பொருள். அதே கரைசலை ஒரு பாலித்தீன் பையில் ஊற்றி, ஷவர் தலை மூழ்கும்படி கட்டி, அரை மணி நேரம் கழித்து அவிழ்த்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்கலாம். வடிகால் ஜாலியைத் தூக்கி, முடியையும் சோப்புப் பிசினையும் கையுறை போட்டு எடுத்தால் நாற்றமும் பெரும்பாலும் நின்றுவிடும்.

வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கோ வாந்தியோ இருக்கும்போது இந்த முறை போதாது. சோப்பால் கழுவிய பிறகு பிளீச்சிங் பவுடர் கரைசல் வேண்டும். ஆனால் ஆசிட், வினிகர், எலுமிச்சை உப்பு எதனுடனும் அது கலக்கக் கூடாது. கலந்தால் குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.