54 எப்படி 56 ஆனது?

ஐந்தாம் வகுப்புப் பெற்றோர் கூட்டம். கணக்கு ஆசிரியை ஒரு விடைத்தாளின் படத்தைத் திரையில் காட்டுகிறார். பெயர் இருக்கும் இடத்தை மறைத்திருக்கிறார். கேள்வி எளிமையானது: பேனா ஒன்றின் விலை 7 ரூபாய், 8 பேனா வாங்கிக்கொண்டு 100 ரூபாய் தந்தால் மீதி எவ்வளவு கிடைக்கும்?

மாணவன் எழுதியது இரண்டே வரி. 7 × 8 = 54. அடுத்து, 100 − 54 = 46.

மூன்று மதிப்பெண் கேள்வி அது. வழிமுறைக்கு ஒன்று, பெருக்கலுக்கு ஒன்று, கழித்தலுக்கு ஒன்று. பையன் வாய்ப்பாட்டில் சறுக்கிவிட்டான். ஆனால் தனக்குக் கிடைத்த எண்ணை வைத்துச் சரியாகவே கழித்திருக்கிறான். கையால் திருத்தும் ஆசிரியர் 2 போடுவார். படத்தைப் பார்த்துத் திருத்திய மென்பொருளும் 2தான் போட்டிருந்தது. அதன் கீழே மட்டும் ஒரு குறிப்பு: ‘கழித்தலில் கூடுதல் பயிற்சி தேவை.’

“அவன் கழித்தல்ல தப்பே பண்ணலையே டீச்சர்?” என்று பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் ஆசிரியை காத்திருந்தார்.

செல்பேசியில் எடுத்த படத்தை மென்பொருள் முதலில் சுத்தம் செய்கிறது. தாளின் ஓரங்களைக் கண்டுபிடித்து, சாய்வை நிமிர்த்தி, நிழலைக் குறைக்கிறது. பிறகு கையெழுத்தை வாசித்து, தட்டச்சு எழுத்தாக மாற்றிக்கொள்கிறது. அதன்பின், ஆசிரியர் தந்த விடைக்குறிப்போடு ஒவ்வொரு படியையும் ஒப்பிட்டு மதிப்பெண் போடுகிறது. பெற்றோர் கவனிக்க வேண்டியது நடுவில் உள்ள அந்த வாசிப்பைத்தான். மதிப்பெண் விழுவது பிள்ளையின் கையெழுத்துக்கு அல்ல, அதை மென்பொருள் எப்படி வாசித்ததோ அந்த வாசிப்புக்கு.

கையெழுத்து தெளிவில்லாத இடத்தில் இந்த மென்பொருள்கள் கோடுகளை மட்டும் பார்ப்பதில்லை. அந்த இடத்தில் எது வரக்கூடும் என்றும் கணிக்கின்றன. 7 × 8 என்பதற்குப் பக்கத்தில் அவை பழகிய எண் 56. பையனின் 4 கொஞ்சம் வளைந்திருந்தது. மென்பொருள் அதை 6 என்று எடுத்துக்கொண்டது. இப்போது பெருக்கல் சரியாகிவிட்டது, அடுத்த வரி 100 − 56 = 46 என்று தப்பாகிவிட்டது. ஒன்று கூடி ஒன்று குறைந்ததால் மொத்தம் மாறவில்லை. ஆகவே மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இந்தப் பிழை படாது. வாய்ப்பாடு படிக்க வேண்டிய பிள்ளையோ வீட்டில் உட்கார்ந்து கழித்தல் கணக்கு போட்டுக்கொண்டிருப்பான்.

தமிழ்த் தாளில் இது இன்னும் நுட்பமாக நடக்கும். ‘பல்லிக்குச் சென்றேன்’ என்று பிள்ளை எழுதியிருக்கும். மென்பொருள் ‘பள்ளிக்குச் சென்றேன்’ என்று திருத்தியே வாசித்துவிடலாம். எழுத்துப்பிழை அங்கே காணாமல் போகிறது. கையெழுத்தில் ‘ர’வும் துணைக்காலும் ஒரே மாதிரி இருக்கும். புள்ளியோ, மங்கலான படத்தில் அழிந்துபோகும். இல்லையென்றால் தாளில் இருக்கும் தூசி புள்ளியாகிவிடும். பிழையில்லாமல் எழுதுகிறதா என்று சோதிக்கும் தேர்வை இந்த முறையில் திருத்தக் கூடாது என்பது ஆசிரியையின் உறுதியான கருத்து. அது நியாயமான கருத்தும்கூட.

கட்டுரைக்கு வந்தால் சிக்கல் வேறு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எழுத்துப் பயிற்சித் துறையை நடத்திவந்த லெஸ் பெரல்மன், 2014இல் மாணவர்களோடு சேர்ந்து ஒரு நிரல் செய்தார். இரண்டு மூன்று சொற்களைக் கொடுத்தால் போதும், பெரிய பெரிய சொற்கள் கொண்ட, பொருளே இல்லாத ஆங்கிலக் கட்டுரையை அது எழுதித் தரும். தானியங்கித் திருத்தக் கருவிகள் அவற்றுக்கு உயர்ந்த மதிப்பெண் தந்தன. அவை தட்டச்சு செய்த கட்டுரைகள், எனவே வாசிப்பில் குழப்பமே இல்லை. சொன்னது உண்மையா, பொருந்துகிறதா என்பதைத்தான் அந்தக் கருவிகளால் எடைபோட முடியவில்லை. இன்றைய மென்பொருள்கள் அவற்றைவிடத் தேர்ந்தவை. ஆனாலும் தன் பாட்டியைப் பற்றிப் பிள்ளை எழுதும் ஒரு பத்தியில் சொந்த அனுபவம் எது, மனப்பாடம் எது என்பது அந்த வகுப்பில் தினமும் நிற்கும் ஆசிரியருக்குத்தான் தெரியும்.

“அப்ப இதை நிறுத்திடலாமே?” என்றார் ஒரு தந்தை.

“ஒத்தைச்சொல் விடைக்கும் வாரத் தேர்வுக்கும் வச்சுக்கலாம் சார். நாற்பது தாளை அன்னைக்கே திருப்பித் தர முடியுது. ஆனா மதிப்பெண்ணை மட்டும் வாங்கிட்டுப் போகாதீங்க. படத்தையும் அது வாசிச்ச வரிகளையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டச் சொல்லுங்க. பிள்ளையையே சத்தமா படிக்கச் சொன்னா எங்க மாறியிருக்குன்னு உடனே தெரிஞ்சிடும்.”

பென்சிலுக்குப் பதில் கருநீலப் பேனா, அடித்த வரியின் மேல் ஒரே கோடு, படம் எடுக்கையில் தாளில் கை நிழல் விழாமை: இவ்வளவுதான் அவர் பிள்ளைகளிடம் கேட்பது. அந்தப் பையனின் தாளில் குறிப்பை அடித்துவிட்டு, ‘ஏழாம் வாய்ப்பாடு’ என்று கையால் எழுதிக் கொடுத்தார்.