ஒரே கைபேசி எண்ணில் ஏழரை லட்சம் பேர்

ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பற்றிய சி.ஏ.ஜி. தணிக்கை அறிக்கை 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. பயனாளிகளில் 7,49,820 பேருக்கு 9999999999 என்ற ஒரே கைபேசி எண் பதிவாகியிருந்ததை அது சுட்டிக்காட்டியது. 8888888888 என்ற எண்ணில் மேலும் 1,39,300 பேர் இருந்தார்கள். தமிழ்நாட்டில் ஏழே ஏழு ஆதார் எண்களின் மேல் 4,761 பதிவுகள் இருந்தன. பயனாளியை உறுதிசெய்யக் கைபேசி எண் பயன்படவில்லை என்று அரசுத் தரப்பு விளக்கம் தந்தது. அந்த விளக்கத்தை ஏற்றாலும், சிகிச்சை பற்றிய தகவலை அந்த ஏழரை லட்சம் பேருக்கு எப்படி அனுப்புவது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

இத்தகைய கோளாறை முன்கூட்டியே பிடிப்பதற்குத்தான் தரவுத் தர மதிப்பெண் அட்டை இருக்கிறது. அறிக்கை வெளியாவதற்கு முன், அதற்கு ஆதாரமான பட்டியலின் ஒவ்வொரு நெடுவரிசையிலும் எத்தனை கட்டங்கள் காலி, எத்தனை பதிவுகள் இரட்டிப்பு, எத்தனை செல்லாதவை என்று எண்ணிச் சதவீதமாகக் காட்டும் ஒரு பக்க அட்டவணை அது. தயாரிப்பது எளிது. படிப்பதற்குத்தான் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

9999999999 என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டம் நிரம்பியிருக்கிறது, அதனால் காலிச் சோதனையில் அது தேறிவிடும். பத்து இலக்கம் இருக்கிறது, இந்தியக் கைபேசி எண்ணுக்குரிய 6 முதல் 9 வரையிலான இலக்கத்தில்தான் தொடங்குகிறது, அதனால் செல்லாத பதிவு என்றும் பிடிபடாது. இரட்டிப்புச் சோதனை மட்டுமே அதைக் காட்டிக்கொடுக்கும். எண்ணைத் தராமல் அடுத்த பக்கத்துக்குப் போக மென்பொருள் விடாதபோது, பதிவு செய்பவர் கைக்கு வந்த இலக்கத்தைத் தட்டிவிடுகிறார். கட்டாயம் நிரப்ப வேண்டும் என்ற விதியே காலிக் கட்டத்தை மறைத்துவிடுகிறது.

2,000 பேர் கொண்ட ஒரு உதவித்தொகைப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். கைபேசி எண்கள் C நெடுவரிசையில் இருக்கின்றன. எக்செலில் இரண்டு வரிகள் போதும்:

```
=SUMPRODUCT(--(TRIM(C2:C2001)=""))
=COUNTIF(C2:C2001,"9999999999")
```

காலிக் கட்டங்களை எண்ண COUNTBLANK என்ற கட்டளையும் உண்டு. ஆனால் யாரோ ஒருவர் ஸ்பேஸ் பட்டனைத் தட்டி வைத்த கட்டத்தை அது நிரம்பியதாகவே எண்ணும். முதல் வரியில் உள்ள TRIM அந்த இடைவெளிகளை அகற்றிவிட்டுப் பார்க்கிறது. முதல் வரிக்கு 60, இரண்டாம் வரிக்கு 150 என்று விடை வந்தால், 97 சதவீதம் நிரம்பியதாகத் தெரிந்த நெடுவரிசை உண்மையில் 89.5 சதவீதம்தான் நிரம்பியிருக்கிறது. அந்த 150 பதிவுகளையும் காலிக் கணக்கில் சேர்த்த பிறகுதான் அட்டையில் எழுத வேண்டும்.

எந்த இரட்டிப்பு தவறு என்பதை நெடுவரிசைதான் சொல்லும். ஒரே கைபேசி எண் அண்ணன், தங்கை, பாட்டி மூவருக்கும் இருப்பது நம் வீடுகளில் சகஜம். ஒரே வங்கிக் கணக்கு இருபது பேருக்கு இருந்தால் பணத்தை நிறுத்திவைத்துக் கேட்டே ஆக வேண்டும். இங்கே எக்செலிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. எண்ணில் 15 இலக்கங்களுக்கு மேல் அது நினைவில் வைப்பதில்லை. 16 இலக்கக் கணக்கு எண்கள் இரண்டில் கடைசி இலக்கம் மட்டும் வேறாக இருந்தால், அவற்றை எழுத்தாகவே சேமித்திருந்தாலும் COUNTIF இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடும். இல்லாத இரட்டிப்பைக் காட்டி நேர்மையான பயனாளியைச் சந்தேகப் பட்டியலில் சேர்க்கும் பிழை இது. அதனால் அப்படிக் காட்டப்பட்ட எண்களை ஒருமுறை கண்ணால் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

பிறந்த தேதியில் கணக்கு வேறு. 2,000 பேரின் பிறந்தநாள்கள் ஆண்டு முழுதும் பரவியிருந்தால் ஒரு நாளுக்கு ஐந்தாறு பேர் வருவார்கள். ஜனவரி 1 அன்று மட்டும் 300 பேர் பிறந்திருந்தால், தேதி தெரியாதவர்களுக்கு ஏதோ ஒன்றை எழுதிவிட்டார்கள் என்று பொருள். ஒவ்வொன்றும் செல்லுபடியாகும் தேதிதான், ஆனால் மொத்தமாகப் பார்க்கும்போது நம்ப முடியாது. ஆண்டு ஓரளவு சரியாக இருந்தால் பத்து வயதுப் பிரிவுகளாகக் காட்டும் அறிக்கைக்கு இது தாங்கும். மாதவாரியான பிறப்புக் கணக்குக்குத் தாங்காது. ஆகவே இத்தனை சதவீதம் வரை பரவாயில்லை என்ற வரம்பை அறிக்கையின் பயனைப் பார்த்தே வைக்க வேண்டும். எல்லா நெடுவரிசைகளையும் கூட்டிச் சராசரி எடுத்து ஒரே மதிப்பெண் போடுவது தவறு. மாவட்டப் பெயரின் 100 சதவீதம், வங்கிக் கணக்கில் உள்ள ஓட்டையை மூடி மறைத்துவிடும்.

அட்டைக்கு எட்டாத இடமும் உண்டு. பத்து இலக்கமும் சரியாக இருந்து, வேறு யாருடைய எண்ணாகவோ இருந்தால் எந்தச் சூத்திரமும் அதைக் கண்டுபிடிக்காது. சில பதிவுகளைத் தேர்ந்தெடுத்து அழைத்துப் பார்த்தால்தான் தெரியும். நம் பட்டியலைப் பொறுத்தவரை, மாவட்டவாரியான எண்ணிக்கையை வெளியிடலாம், குறுஞ்செய்தி அனுப்பும் வேலையை நிறுத்திவைக்கலாம். 9999999999 என்றிருக்கும் 150 வரிசைகளையும், எந்த மையத்தில் எந்த நாளில் பதிவானவை என்ற விவரத்தோடு அந்தந்த மையத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும். கூடவே, எண் இல்லாதவர்களுக்கு 'கைபேசி இல்லை' என்று குறிக்க மென்பொருளில் ஒரு தெரிவையும் சேர்க்க வேண்டும்.