காதுக்குள்ள ஒரு பேட்டரி!

டீக்கடை ஓரமா நின்னு ஒரு தம் போடுறப்ப நுரையீரல், ஹார்ட், கேன்சர்னு யாராவது ஆரம்பிச்சா, 'தெரியும் பாஸ், பாக்கெட்டுலயே படம் போட்டிருக்கான்'னு சிரிச்சுட்டுப் போற ஆளா நீங்க? நானும் அப்படித்தான் இருந்தேன். காதுன்னு யாரும் சொன்னதில்லை. போன செமஸ்டர் லீவுல கோயம்புத்தூர் போய், மாமாவை ஈ.என்.டி. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போற வரைக்கும்.

மாமாவுக்கு வயசு 47. லேத் பட்டறை வெச்சிருக்கார். இருபது வயசுல ஆரம்பிச்ச சிகரெட், நாளைக்குப் பத்துக்குக் குறையாது. வீட்டுல டி.வி. சவுண்டு ஏறிக்கிட்டே போச்சு. அத்தை கிச்சன்ல இருந்து ஏதாவது சொன்னா, "ஏன் முணுமுணுக்கிற? வாயைத் தொறந்து பேசு"ன்னு சண்டை. ராத்திரி லைட்டை அணைச்சதும் காதுக்குள்ள 'கொய்ங்'னு ஒரு சத்தம். ஆரம்பத்துல ஃபேன்தான் கத்துதுன்னு நினைச்சு, ஆயில் எல்லாம் விட்டிருக்கார் மனுஷன்!

கண்ணாடி ஜன்னல் வெச்ச ஒரு சின்ன ரூமுக்குள்ள உட்கார வெச்சு, ஹெட்போன் மாட்டி, 'பீப்' கேட்டா பட்டனை அமுக்கச் சொன்னாங்க. 20 நிமிஷத்துல ஆடியோகிராம்னு ஒரு கிராஃப் வந்துச்சு. 1000 ஹெர்ட்ஸ் வரைக்கும் 20 டெசிபல், நார்மல். 2000-ல் 30. 4000-ல் 55. 8000-ல் 60. இந்த கிராஃப்ல நம்பர் கூடக் கூட கோடு கீழே போகும். மாமாவோட கோடு பாதி வழியில் மலையில இருந்து சறுக்கினது மாதிரி இருந்துச்சு. ரெண்டு காதுமே கிட்டத்தட்ட அப்படித்தான்.

சண்டைக்குக் காரணம் அங்கேயே தெரிஞ்சுபோச்சு. 'ஆ', 'ஓ' மாதிரி உயிரொலிகள் தாழ்ந்த ஃப்ரீக்வன்ஸி. அதெல்லாம் மாமாவுக்கு நல்லாவே விழுது. 'ஸ்', 'ஷ்', 'ஃப்' எல்லாம் உயர்ந்த ஃப்ரீக்வன்ஸி. அது மட்டும் கழண்டுபோச்சு. அதனால அத்தை பேசறது கேட்குது, ஆனா புரியல.

"பட்டறை சத்தம்தானே டாக்டர்?"னு கேட்டார் மாமா.

"அதுவும்தான். ஆனா சத்தத்தால மட்டும் போன காதுல, 4000 பக்கம் ஒரு குழி விழும். 8000-ல கோடு திரும்ப மேலே ஏறும். உங்களுக்கு ஏறலையே. வயசும் ஒரு காரணமா இருக்கலாம். எத்தனை சிகரெட் பிடிப்பீங்க?"

மாமா என்னைப் பார்த்தார். நான் கிராஃபைப் பார்த்தேன்.

அதுக்கப்புறம் டாக்டர் சொன்னது, ஈ.இ.இ. படிக்கிற எனக்கு கிளாஸ்ல உட்கார்ந்த மாதிரியே இருந்துச்சு. உட்செவியில நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு உறுப்பு இருக்கு. பேரு காக்ளியா. நீட்டிப் பிடிச்சா 35 மில்லிமீட்டர்தான். அதுக்குள்ள சுமார் 15,000 செல்கள். ஒவ்வொண்ணோட தலையிலும் குட்டிக் குட்டி முடிகள். ஒலி வந்து முடியை அசைச்சா, செல்லுக்குள்ள பொட்டாசியம் பாயும், மூளைக்கு சிக்னல் போகும். அந்தப் பொட்டாசியத்தைத் தள்ளி விடுறதுக்கு ஒரு வோல்டேஜ் வேணுமே? காக்ளியாவோட சுவர்ல, ரத்தக் குழாய்கள் நெருக்கமா பின்னின ஒரு பட்டை இருக்கு. ஸ்ட்ரியா வாஸ்குலாரிஸ்னு பேரு. அதுதான் பேட்டரி. ஓய்வே இல்லாம பம்ப் பண்ணி, காக்ளியா திரவத்துல சுமார் 80 மில்லிவோல்ட்டைத் தாங்கிப் பிடிக்குது. ரத்தம் நின்னுபோச்சுன்னா, ஒரு நிமிஷத்துக்குள்ளேயே அந்த வோல்டேஜ் சரிஞ்சுடும்.

இப்ப வில்லன் என்ட்ரி. நம்ம ஏரியாவுல கரன்ட் போனா இன்னொரு ஃபீடர்ல இருந்து சப்ளை கொடுப்பாங்க இல்லையா? உட்செவிக்கு அந்த வசதி கிடையாது. லேபிரிந்தைன் ஆர்ட்டரின்னு ஒரே ஒரு மெல்லிய குழாய்தான் சப்ளை. அது சுருங்கினா பக்கத்துல இருந்து கை கொடுக்க ஆளில்லை. நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். புகையில் இருக்கிற கார்பன் மோனாக்ஸைடு, ஹீமோகுளோபினோட ஆக்ஸிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும். ஆக, வர்ற ரத்தமும் குறைவு, அந்த ரத்தத்துல ஆக்ஸிஜனும் குறைவு. வருஷக்கணக்குல குழாயோட உள்சுவரும் தடிச்சுப்போகும். பேட்டரி டல்லாகும், செல்கள் பட்டினியில சாகும். காக்ளியாவோட அடிப்பாகத்துல இருக்கிற உயர்ந்த ஃப்ரீக்வன்ஸி செல்கள்தான் முதல்ல போகும். மனுஷனுக்கு இந்த செல்கள் ஒரு தடவை செத்தா, திரும்ப முளைக்காது.

சத்தமும் சிகரெட்டும் சேர்ந்தா ஏன் இன்னும் மோசம்னு இப்ப புரியும். சத்தத்துல செல் ஓவர்டைம் பார்க்குது. அந்த நேரம் பார்த்து சாப்பாட்டைக் குறைக்கிறோம். மாமா லேத்தை ஓட்டிக்கிட்டே பிடிப்பார். நம்ம ஆளுங்க கல்ச்சுரல்ஸ்ல ஸ்பீக்கர் பக்கத்துல நின்னு பிடிப்பாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, அந்த 'கொய்ங்'? அதுக்கு டினிட்டஸ்னு பேரு. ஸ்டேஷன் சரியா கிடைக்கலைன்னா ரேடியோ வால்யூமைத் திருகுவோம், 'உஸ்ஸ்'னு இரைச்சல் மட்டும் வரும். மூளையும் அதைத்தான் பண்ணுது. காதுல இருந்து சிக்னல் வராத ஃப்ரீக்வன்ஸிக்கு, உள்ளேயே வால்யூமைக் கூட்டிடுது. அது காதோட சத்தம் இல்லை, மூளையோட இரைச்சல். இதைத் துடைச்சு எடுக்க மாத்திரை கிடையாது. காது மிஷின் வெச்சு, விட்டுப்போன சிக்னலைக் கொடுத்தா பல பேருக்கு இரைச்சல் அடங்கும்.

இதெல்லாம் ஒரு மாமாவோட கதைன்னு தள்ளிடாதீங்க. அமெரிக்காவுல பீவர் டேம்னு ஒரு ஊர்ல, 3,753 பேருக்குக் காது டெஸ்ட் பண்ணி 1998-ல ரிசல்ட் வெளியிட்டாங்க. புகைக்காதவங்களை விட, புகைக்கிறவங்களுக்குக் காது கேட்கும் திறன் குறைஞ்சிருக்கிற வாய்ப்பு 1.69 மடங்கு. தானே புகைக்காம, புகைக்கிறவரோட ஒரே வீட்டுல இருந்தவங்களுக்கும் வாய்ப்பு கூடத்தான். ஜப்பான்ல 50,000-க்கு மேற்பட்ட தொழிலாளர்களை 8 வருஷம் வரைக்கும் ஃபாலோ பண்ணின ஆய்வு 2018-ல வந்துச்சு. அங்கே உயர்ந்த ஃப்ரீக்வன்ஸி இழப்புக்கான ரிஸ்க் 1.6 மடங்கு. ஆனா அதுலயே ஒரு நல்ல செய்தியும் இருக்கு. நிறுத்தினவங்களுக்கு 5 வருஷத்துக்குள்ள அந்தக் கூடுதல் ரிஸ்க் பெரும்பாலும் காணாமப் போயிருந்துச்சு. போன செல் வராது, மிச்சம் இருக்கிறது பிழைக்கும்.

இதுக்காக மாமாவோட 60 டெசிபல்ல சிகரெட் பங்கு எத்தனைன்னு கணக்குப் போட முடியாது. டாக்டரே அதை ஒத்துக்கிட்டார். "சத்தத்துக்குக் காதுல மஃப் போடுங்க. வயசை நிறுத்த எனக்குத் தெரியாது. மூணாவது உங்க பாக்கெட்டுல இருக்கு."

கிளம்பும்போது அவர் சொன்ன ஒண்ணை மட்டும் உங்களுக்கும் சொல்லிடுறேன். திடீர்னு ஒரு காது மட்டும் அடைச்சுக்கிட்டு, இரைச்சலோட கேட்காமப் போனா 'சளிதான், சரியாயிடும்'னு சொட்டு மருந்து விட்டுட்டு இருக்காதீங்க. அது எமர்ஜென்ஸி. ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் சில நாள்லயே ஆரம்பிச்சாத்தான் கேட்கும் திறன் திரும்ப நல்ல வாய்ப்பு. அன்னைக்கே ஈ.என்.டி. டாக்டரைப் பாருங்க.

"தம்பி, நீயும் உள்ளே உட்காரு, டெஸ்ட் பண்ணிடலாம்"னார். எல்லா ஃப்ரீக்வன்ஸியிலும் 10, 15. நார்மல்! பெருமையா வெளியே வந்தேன்.

"மாமாவும் இருபது வயசுல வந்திருந்தா இதே கிராஃப்தான் வந்திருக்கும்"னு சொல்லிட்டு அடுத்த பேஷன்ட்டைக் கூப்பிட்டார்.

மாமா இப்ப மிஷின் மாட்டியிருக்கார். பத்து, மூணாயிருக்கு. அந்த மூணும் மொட்டை மாடியிலதான், அத்தையோட உத்தரவு. போன வாரம் போன் பண்ணினப்ப, "டேய், குக்கர் விசில் இவ்வளவு கத்தும்னு எனக்குத் தெரியவே தெரியாதுடா!"ன்னு அலுத்துக்கிட்டார்.